அரைப் பிக்சல் அகலத்தில் ஒரு தலைமுடி

மனிதத் தலைமுடியின் தடிமன் ஆளுக்கு ஆள் மாறும். சராசரியாக 0.07 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கல்யாணப் பெண்ணைத் தலை முதல் இடுப்பு வரை நிமிர்ந்த வாட்டில் படம் எடுத்து, 24-க்கு 36 அங்குலத்தில் அச்சிட்டுக் கூடத்தில் மாட்டுவது இன்று பல வீடுகளில் வழக்கம். 36 அங்குலம் என்பது ஏறத்தாழ 91 சென்டிமீட்டர். உச்சந்தலையிலிருந்து இடுப்பு வரையிலான உயரத்தோடு மேலும் கீழும் விட்ட இடத்தைச் சேர்த்தால் கிட்டத்தட்ட அதே அளவுதான். அதாவது, சுவரில் தொங்கும் அந்தப் படத்தில் மணப்பெண் நிஜ அளவில் இருக்கிறார். நிஜ அளவில் ஓர் ஆளைப் பார்க்கும்போது கண் எதை எதிர்பார்க்குமோ, அதையே இந்தப் படத்திலும் எதிர்பார்க்கும். நெற்றியோரத்தில் பறக்கும் முடி முடியாகத் தெரிய வேண்டும். பட்டுப் புடவையில் நெசவு தெரிய வேண்டும்.

இனி கேமராவின் பக்கம் வருவோம். 24 மெகாபிக்சல் கேமரா தரும் படத்தில் நீளவாட்டில் 6000 பிக்சல்கள், குறுக்கே 4000 பிக்சல்கள். 90 சென்டிமீட்டர் உயரத்தை 6000 பிக்சல்கள் பங்கிட்டுக்கொண்டால் ஒரு பிக்சலுக்கு 0.15 மில்லிமீட்டர் வருகிறது. முடியின் தடிமனோ அதில் பாதிதான். ஒற்றை முடிக்கு இந்தப் படத்தில் ஒரு முழுப் பிக்சல்கூடக் கிடைப்பதில்லை.

பிறகு எப்படி முடி தெரிகிறது? கண்ணுக்கு இரண்டு விதமான திறன்கள் உண்டு. அருகருகே உள்ள இரண்டு கோடுகளைத் தனித்தனியாகப் பிரித்தறிவது ஒன்று. வெளிர் பின்னணியில் தனியாக ஓடும் ஒரு கோடு இருப்பதை உணர்வது மற்றொன்று. இரண்டாவது திறன் முதலாவதைவிட மிகக் கூர்மையானது. வானத்தின் எதிரே தொலைவில் ஓடும் மெல்லிய மின்கம்பி நமக்குத் தெரிவது அதனால்தான். கம்பியின் அகலத்தைக் கண்ணால் அளக்க முடியாது. ஆனால் அது ஓடும் இடத்தில் வானம் சற்றே இருள்வதைக் கண் பிடித்துவிடும். கோப்பில் உள்ள முடியும் அப்படித்தான். அரைப் பிக்சலை முடியும் மீதி அரையைப் பின்னணியும் நிரப்ப, அந்தப் பிக்சல் இரண்டும் கலந்த ஒரு நடுநிறத்தைப் பதிவு செய்கிறது. அக்கம்பக்கத்துப் பிக்சல்களைவிட அது கொஞ்சம் கருமை. முடி என்று நாம் பார்ப்பது அந்த வேறுபாட்டைத்தான்.

இந்த மெல்லிய வேறுபாடு எங்கே காணாமல் போகிறது? பெரும்பாலும் அச்சகத்தில் அல்ல. அதற்கு முன்பே, ரீடச் செய்யும் மேசையில்.

அரைப் பிக்சல் நகர்ந்தால்

தாடையைச் சற்று ஒடுக்குவது, சரிந்த தோள்பட்டையை நேராக்குவது, கலைந்த கொசுவத்தைச் சீராக்குவது, கூந்தலுக்குக் கொஞ்சம் அடர்த்தி கொடுப்பது: தோற்றத்தைத் திருத்தும் இந்த வேலைகள் எல்லாமே பிக்சல்களை இடம் பெயர்ப்பவை. ஃபோட்டோஷாப்பில் Liquify, Warp, Free Transform என்று எந்தக் கருவியை எடுத்தாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். பிக்சல்கள் கட்டம் போட்ட வரிசையில் அமைந்தவை. முழு எண்ணிக்கையில்தான் நிற்கும். ஒரு முடியை 3.5 பிக்சல் தள்ளி வைக்கச் சொன்னால், அந்த இடத்தில் ஒரு கட்டமே இல்லை. மென்பொருள் இரு பக்கத்துப் பிக்சல்களின் எண்களைக் கலந்து புதிய எண் ஒன்றை உண்டாக்குகிறது.

கையால் கணக்குப் போட்டே இதன் விளைவைப் பார்க்கலாம். வெளிர் சுவரின் ஒளி அளவு 200 என்று கொள்வோம். அதன் எதிரே பறக்கும் முடி விழுந்த பிக்சல் 120. ஒரு வரிசை இப்படி இருக்கும்: 200, 200, 120, 200, 200. பின்னணிக்கும் முடிக்கும் உள்ள வேறுபாடு 80. இதை அரைப் பிக்சல் நகர்த்தி, பக்கத்துப் பக்கத்து எண்களுக்குச் சராசரி எடுத்தால் வருவது 200, 160, 160, 200. முடி இரண்டு பிக்சலாகப் பருத்துவிட்டது. வேறுபாடு 40 ஆகப் பாதியாகிவிட்டது. ஒரே ஒரு நகர்வில் இவ்வளவு இழப்பு. ஆயிரம் முடிகளுக்கு இது நேர்ந்தால் கூந்தல், மை பூசிய பரப்பாகிவிடும். இதே கணக்கு புடவை இழைக்கு நேர்ந்தால் பட்டு, பிளாஸ்டிக் தாளாகிவிடும்.

இதே படத்தை முதலிலேயே இரு மடங்கு பெரிதாக்கிவிட்டுப் பிறகு நகர்த்தினால் என்ன ஆகும்? அதே எளிய சராசரி முறையில் பெரிதாக்கினாலும் வரிசை 200, 180, 140, 140, 180, 200 என்று வரும். இப்போது முடிக்கு நான்கு பிக்சல்கள் இடம் இருக்கிறது. இதை அரைப் பிக்சல் நகர்த்தினால் 190, 160, 140, 160, 190. ஆழமான புள்ளி 140-லேயே நிற்கிறது, வேறுபாடு 60. நேரடியாக நகர்த்தியபோது 40-தான் மிஞ்சியது. பெரிதாக்கும்போதும் கொஞ்சம் இழப்பு உண்டு என்பது உண்மைதான். ஃபோட்டோஷாப்பின் பைக்யூபிக் முறை, நாம் இங்கே போட்ட கணக்கைவிட அதைக் குறைத்துத் தரும்.

பெரிதாக்குவதால் கேமரா பார்க்காத முடி எதுவும் புதிதாக முளைத்துவிடாது. கேமரா பார்த்த முடி, திருத்தத்தைத் தாங்கிக்கொள்ள இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே திருத்தம் தொடங்கும் முன்பே கோப்பு அதன் இறுதி அச்சளவுக்கு வந்துவிட வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் செய்யவேண்டிய வேலைகள் சில உண்டு. அவை கேமராவின் ரா கோப்பில்தான் முழுப் பலன் தரும்.

சிவப்புப் புடவையின் சிக்கல்

கேமரா உணரியின் ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கிறது. கோடக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயரின் பெயரில் 1976-இல் காப்புரிமை வழங்கப்பட்ட அமைப்பு இது. நான்கு பிக்சல் கொண்ட ஒவ்வொரு சதுரத்திலும் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் என வடிகட்டிகள் இருக்கும். விடுபட்ட நிறங்களை அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் கணித்து நிரப்புகிறது.

அரக்குச் சிவப்பில் காஞ்சிபுரம் பட்டு என்றால் இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. ஆழ்ந்த சிவப்புத் துணியிலிருந்து பச்சை, நீலப் பிக்சல்களுக்கு ஒளி மிகக் குறைவாகவே போய்ச் சேரும். நெசவைப் பற்றிய செய்தியைப் பெரும்பாலும் சுமப்பவை நான்கில் ஒன்றான சிவப்புப் பிக்சல்கள் மட்டுமே. நம் படத்தில் அவை 0.30 மில்லிமீட்டருக்கு ஒன்று என்ற இடைவெளியில் இருக்கின்றன. முகத்தில் கிடைக்கும் நுணுக்கம் சிவப்புப் புடவையில் கிடைக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கிடைத்த அந்தக் கொஞ்சத்தையும் நிறவெளித் தேர்வு அழித்துவிடக்கூடும். sRGB என்ற நிறவெளி அடர்ந்த சிவப்புகளை முழுமையாகத் தாங்காது. தாங்காத இடத்தில் சிவப்பு அலைவரிசை 255 என்ற உச்சத்தில் முட்டி நின்றுவிடும். பச்சையும் நீலமும் பூஜ்ஜியத்தை ஒட்டிக் கிடக்கும். மூன்றுமே சமதளமானால் மடிப்பும் இழையும் பதிவாக இடமே இல்லை. படம் மொத்தத்தில் சரியான வெளிச்சத்தில் இருப்பதாகவே தோன்றும். புடவை மட்டும் வண்ணம் அடித்த சுவர் மாதிரி இருக்கும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஃபோட்டோஷாப்பின் Channels பலகையில் சிவப்பை மட்டும் திறந்து பாருங்கள். புடவை இருக்கும் இடத்தில் மடிப்புகள் தெரியாமல் வெறும் வெள்ளை தெரிந்தால், அங்கே நெசவு போய்விட்டது என்று பொருள்.

ரா கோப்பு கையில் இருந்தால் இதைச் சரிசெய்யலாம். அதில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 12 அல்லது 14 பிட் தகவல் இருக்கிறது. 14 பிட் என்றால் 16,384 படிகள். ஜேபெக்கில் இருப்பதோ 256 படிகள்தான். ரா கோப்பை விரிக்கும்போது ProPhoto RGB நிறவெளியையும் 16 பிட்டையும் தேர்ந்தெடுத்து, சிவப்பு உச்சத்தில் முட்டாதவரை வெளிச்சத்தையோ சிவப்பின் செறிவையோ சற்றுக் குறைத்தால் இழைகள் மீளும். அச்சகம் sRGB-தான் கேட்கிறது என்றால், அதற்கான மாற்றத்தை எல்லாத் திருத்தமும் முடிந்தபின் ஒரு நகலில் செய்யலாம். முதலிலேயே செய்துவிட்டால் இழந்தது திரும்பாது.

இரைச்சல், கூர்மை, பொய் வரிகள்

விடியற்காலை முகூர்த்தம், மண்டபத்தின் மங்கிய விளக்கு. ஐஎஸ்ஓ 3200-க்குப் போக வேண்டியிருக்கும். படத்தில் இரைச்சல் இரண்டு வடிவத்தில் வரும். ஒன்று, பச்சையும் ஊதாவுமாகச் சிதறும் நிறப் புள்ளிகள். மற்றொன்று, மணல் தூவியதுபோன்ற ஒளிப் புள்ளிகள். நிற இரைச்சலைத் தயங்காமல் நீக்கலாம். நிற மாற்றங்களில் கண்ணின் நுணுக்கம் குறைவு என்பதால் இழப்பு அவ்வளவாகத் தெரியாது. ஒளி இரைச்சலை நீக்குவதில்தான் கை அடக்கம் வேண்டும். முடி என்பது அக்கம்பக்கத்தைவிடச் சற்றே கருத்த பிக்சல் என்று பார்த்தோம். இரைச்சல் புள்ளியும் அதேதான். இரண்டையும் மென்பொருளால் எப்போதும் பிரித்தறிய முடியாது. சறுக்கியை அதிகம் தள்ளினால் முடிகள் ஒன்றோடொன்று ஒட்டி, மெழுகு தடவிய கற்றைகளாகும். நெற்றியோரத்தை 100 சதவீத அளவில் பார்த்துக்கொண்டே நகர்த்தி, முடி ஒட்டத் தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். மிஞ்சும் மணல் பற்றிக் கவலை வேண்டாம். நம் அச்சில் அதன் ஒரு துகள் சுமார் 0.15 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது கூர்மை. கூர்மையாக்குவதை ஒரே மூச்சில் செய்யாமல் மூன்று கட்டமாகப் பிரிக்கச் சொன்னவர் புரூஸ் ஃபிரேசர். முதல் கட்டம், லென்ஸும் நிறக் கணிப்பும் உண்டாக்கிய மென்மையை ஈடுசெய்வது. இரண்டாவது, கண், நகை போன்ற குறிப்பிட்ட இடங்களுக்கானது. மூன்றாவது, காகிதத்தில் மை பரவுவதை ஈடுசெய்வது. திருத்தத்துக்கு முன் செய்யவேண்டியது முதல் கட்டம் மட்டுமே. லைட்ரூமில் Radius அளவு 1.0 என்று வரும். முடிக்கும் இழைக்கும் 0.7, 0.8 போதும். Masking சறுக்கியை Alt விசையோடு சேர்த்து இழுத்தால் படம் கறுப்பு வெள்ளையாகும். வெள்ளையாக இருக்கும் இடம் மட்டும் கூர்மையாகும். கூந்தலும் புடவைக் கரையும் வெள்ளையாகவும் கன்னம் கறுப்பாகவும் இருக்கும்படி நிறுத்தினால், தோலின் துளைகள் தடித்துத் தெரியாது. அளவு மீறியதா என்பதை முடிக்குப் பக்கத்தில் பார்க்கலாம்: கருத்த முடியின் இரு ஓரத்திலும் வெள்ளைக் கோடு ஓடினால் மீறிவிட்டது. பெரிதாக்கும்போது அந்த வெள்ளைக் கோடும் சேர்ந்து பெரிதாகும்.

மூன்றாவது, பொய் வரிகள். நுண்ணிய கோடு போட்ட சட்டையிலும், நெருக்கமாக நெய்த சரிகையிலும், துணியில் இல்லாத வானவில் பட்டைகள் அலையலையாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். மோரே என்பது அதன் பெயர். திரும்பத் திரும்ப வரும் ஒரு வடிவத்தைச் சரியாகப் பதிவு செய்ய, அதன் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பிக்சலுக்கு மேல் வேண்டும். நம் படத்தில் 0.30 மில்லிமீட்டருக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும் நெசவு என்றால், கேமரா அதை வேறொரு பெரிய வடிவமாகத் தவறாகப் புரிந்துகொள்கிறது. சிவப்புத் துணியில் அந்த எல்லை 0.60 மில்லிமீட்டர் வரை போய்விடும்.

திரையில் மோரே தெரிந்ததும் பதற வேண்டியதில்லை. படத்தை 33 சதவீதமாகச் சுருக்கிப் பார்க்கும்போது திரையே பொய் வரிகளை உண்டாக்கக்கூடும். 100 சதவீதத்தில் பார்த்தால் மறைந்துவிடுகிறதா? அது திரையின் வேலை. அப்போதும் நிற்கிறதா? அது கோப்பிலேயே இருக்கிறது. அப்படியானால் ரா கோப்பை விரிக்கும் கட்டத்திலேயே, அந்தத் துணியின் மேல் மட்டும் Moire தூரிகையை ஓட்டி நிறப் பட்டைகளைப் போக்க வேண்டும். நிறத்தில் வந்த மோரே பெரும்பாலும் போய்விடும். வெளிச்சத்திலேயே பட்டை விழுந்திருந்தால் அதை நேர்மையாக நீக்க வழியில்லை. எடுக்கும்போதே ஓரடி முன்னே வந்தோ, கோணத்தைச் சற்று மாற்றியோ இன்னொரு படம் எடுத்துக்கொள்வதே அதற்கு மருந்து.

எவ்வளவு பெரிதாக்குவது

சராசரிக் கண் பிரித்தறியும் எல்லை ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. சுவரில் மாட்டிய படத்தை ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று பார்த்தால், அங்குலத்துக்கு 58 பிக்சல் இருந்தாலே கண்ணுக்குப் போதும். ஆனால் கல்யாணப் படத்தை யாரும் அங்கேயே நின்று பார்ப்பதில்லை. கிட்டே போய், "இது என்ன சரிகை?" என்று பார்ப்பார்கள். 45 சென்டிமீட்டர் தொலைவில் கண் கேட்பது அங்குலத்துக்கு சுமார் 194 பிக்சல். சற்றுக் கூடுதல் இடம் விட்டு 240 என்று வைத்துக்கொள்வோம்.

36 அங்குலத்தை 240-ஆல் பெருக்கினால் 8640. மறுபக்கம் 24 அங்குலத்துக்கு 5760. நம் 6000-க்கு 4000 கோப்பு 1.44 மடங்கு வளர வேண்டும். முன்பு பார்த்த இரு மடங்குக் கணக்கு அளவுக்குப் பாதுகாப்பு இதில் கிடைக்காது. ஆனால் முடியைப் பதிவு செய்த ஒரு பிக்சல், ஒன்றுக்கு மேற்பட்ட பிக்சல்களின் இடத்துக்கு விரிந்துவிடும். Image Size பெட்டியில் இந்த எண்களைக் கொடுத்து, பைக்யூபிக் முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும். 16 பிட்டில் இந்தக் கோப்பு சுமார் 300 மெகாபைட் இருக்கும். அடுக்குகள் சேரச் சேர வளரும். 2 ஜிகாபைட்டைத் தாண்டினால் PSD ஏற்காது, PSB-ஆகச் சேமிக்க வேண்டும். 45 மெகாபிக்சல் கேமராவில் நீளவாட்டில் 8256 பிக்சல் என்றால், அதே அச்சில் அங்குலத்துக்கு 229 கிடைக்கிறது. அங்கே பெரிதாக்காமலே தொடங்கலாம்.

இப்போதுதான் தோற்றத் திருத்தம். அதிலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். தாடையை ஒருமுறை ஒடுக்கி, பிடிக்கவில்லை என்று மறுபடி விரித்து, இன்னொரு முறை ஒடுக்கினால் மூன்று முறை சராசரி எடுத்ததாகிவிடும். அடுக்கை முதலில் Smart Object ஆக்கிவிட்டு Liquify செய்தால், ஒவ்வொரு முறையும் மென்பொருள் மூலப் பிக்சல்களிலிருந்தே கணக்கிடும். எத்தனை முறை மனம் மாறினாலும் இழப்பு ஒருமுறைதான்.

எங்கே இது உதவாது

கோப்பில் இல்லாததை எந்த ஆயத்தமும் தராது. கண்ணிமையில் குவித்த படத்தில் மங்கிப்போன புடவைக் கரை மங்கியேதான் இருக்கும். வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பிய படம் பெரும்பாலும் நீளவாட்டில் 1600 பிக்சலுக்குச் சுருங்கி வரும். அதை 36 அங்குலத்துக்கு விரித்தால் ஒவ்வொரு பிக்சலும் அரை மில்லிமீட்டருக்கு மேல். எட்டு முடிகள் ஒரே பிக்சலில் அடங்கிவிடுகின்றன. அவற்றை மறுபடி எட்டாகப் பிரிக்க வழி இல்லை.

அதனால் முழு அச்சுக்குப் போகும் முன் ஒரு சின்னச் சோதனை. திருத்தம் தொடங்கும் முன் உள்ள கோப்பிலிருந்து நெற்றியோர முடியும் புடவைக் கரையும் வரும்படி 1920-க்கு 2880 பிக்சல் துண்டு ஒன்றை வெட்டுங்கள். திருத்தம் முடிந்த கோப்பிலிருந்து அதே இடத்தில் இன்னொன்று. இரண்டையும், அளவு மாற்றாமல், இறுதி அச்சுக்கான அதே காகிதத்தில் 8-க்கு 12 அங்குலமாக அச்சிடச் சொல்லுங்கள். பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கைக்கெட்டும் தொலைவில் பாருங்கள். முதல் துண்டில் இருக்கும் முடி இரண்டாவதில் இல்லை என்றால் தவறு ரீடச்சில் இருக்கிறது. இரண்டிலுமே இல்லை என்றால் தவறு ஆயத்தத்திலோ படம் எடுத்ததிலோ இருக்கிறது. இரண்டிலும் இருந்து, சற்று மென்மையாக மட்டும் தெரிந்தால், காகிதத்துக்கான கடைசிக் கட்டக் கூர்மையைக் கூட்டினால் சரியாகிவிடும். மேட் காகிதத்துக்கு அது இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

நீங்கள் வாடிக்கையாளர் என்றால், ஸ்டூடியோவில் பெரிய படம் ஒன்றுக்குச் சொல்லும்போது இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆல்பத்துக்காக ஏற்கெனவே திருத்திச் சுருக்கிய ஜேபெக்கைப் பெரிதாக்க வேண்டாம். அந்தப் படத்தின் ரா கோப்பிலிருந்து புதிதாகத் தொடங்கச் சொல்லுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த படங்களின் ரா கோப்புகளை அழிக்காமல் வைத்திருக்கவும் சொல்லுங்கள். அவை இருந்தால் பத்து ஆண்டு கழித்தும் அந்தப் புடவையின் இழையை அச்சில் கொண்டுவரலாம்.